எத்தனை கதிரை போடுவது?

சென்ற ஆண்டு என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஆனியில் கோயிலில் நடந்து முடிந்தது. வரவேற்பு விருந்தை ஹோல் கிடைத்த ஆகஸ்ட் சனிக்கிழமை ஒன்றில் ஸ்காபரோவில் வைத்தார்கள். பந்தல், நகை, புடவை எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. “மாமா, எண்ணிக்கையை நீங்கள் பாருங்கோ” என்று மருமகள் ஒரு வேலையை என்னிடம் தந்தாள். வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடித்து ஹோல்காரரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்து முடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஊரில் இந்த வேலையே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போய்க் கல்யாணம் சொல்வார்கள். “ஓம், வருவம்” என்று பதில் வரும். யார் வந்தாலும் பந்தியில் இடம் இருக்கும். ஆள் கூடினால் அடுப்பில் இன்னொரு பானை ஏறும். தமிழ்நாட்டிலும் சமையல் ஒப்பந்தக்காரர்கள் பலர் பந்தி முடிந்த பிறகு இலையை எண்ணித்தான் கணக்கு முடிக்கிறார்கள். சாப்பிட்ட பின் எண்ணுவது அந்த முறை. ரொறன்ரோவின் விருந்து மண்டபங்களில் சாப்பிடுவதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும். தட்டுக்கு இவ்வளவு டொலர் என்று விலை. இத்தனை தட்டு என்று நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் காசு கட்டியாக வேண்டும். இறைச்சியும் மீனும் அந்த எண்ணை வைத்துத்தான் வாங்கப்படுகின்றன. பரிமாற எத்தனை பேர் வேலைக்கு வர வேண்டும், எத்தனை மேசைவிரிப்பு வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பதும் அதே எண்ணைப் பொறுத்ததுதான்.

ஹோல் ஒப்பந்தத்தில் எங்கள் வேலையைத் தீர்மானித்த வரிகள் மூன்று இருந்தன. ஆள் குறைந்தாலும் 300 பேருக்குக் காசு கட்ட வேண்டும் என்பது முதலாவது. விருந்துக்குப் பத்து நாள் முன்னர், அதாவது புதன்கிழமை மாலைக்குள், இறுதி எண்ணிக்கை தர வேண்டும் என்பது அடுத்தது. தந்த எண்ணைக் குறைக்க முடியாது, ஆனால் விருந்துக்கு மூன்று நாள் முன்வரை 5 சதவீதம் கூட்டலாம் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வரியைப் பலர் வாசிப்பதே இல்லை. குறைக்க முடியாது, கூட்டலாம் என்றால், சந்தேகமான ஆட்களை முதல் எண்ணில் சேர்க்கக்கூடாது என்று பொருள். பயத்தில் பத்துப் பேரைக் கூட்டிச் சொல்லிவிட்டால் அந்தப் பத்துத் தட்டின் காசு திரும்பி வராது. ஒவ்வொரு மண்டபமும் இந்த நாட்களையும் சதவீதத்தையும் தன் விருப்பப்படி வைத்திருக்கும். ஆகவே முற்பணம் கட்டும் நாளிலேயே இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அழைப்பிதழின் கீழ் ஆர்.எஸ்.வி.பி. என்று நான்கு எழுத்து இருக்கும். ‘தயவுசெய்து பதில் தாருங்கள்’ என்ற பிரெஞ்சு வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பழக்கம். எங்கள் வயதுக்காரர்களில் பலருக்கு அது கார்டின் அலங்காரத்தில் ஒரு பகுதி. மருமகள் அதற்குக் கீழே தமிழில் இரண்டு வரி சேர்த்தாள். “உங்கள் குடும்பத்துக்கு 4 இருக்கைகள் ஒதுக்கியுள்ளோம். யார் யார் வருகிறீர்கள் என்று இந்தத் திகதிக்குள் அறியத் தாருங்கள்.” நான்கு என்ற இடத்தில் வீட்டுக்கு வீடு எண் மாறும். இந்த ஒரு வரி பெரிய குழப்பத்தைத் தவிர்த்தது. ‘குடும்பத்துடன் வருக’ என்று மட்டும் போட்டால், குடும்பம் என்பதற்குள் தனிவீடு போய்விட்ட மகனும் அவன் மனைவியும் மாமியாரும் அடங்குவார்களா என்பதை வாங்குபவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

பதில் தருவதற்கான கடைசி நாளை விருந்துக்கு 27 நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தோம். ஹோலுக்குச் சொல்ல வேண்டிய புதன்கிழமைக்கும் அதற்கும் இடையே 17 நாள். பதில் சொல்லாதவர்களைத் தேடிப் பிடிக்க இந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். இரண்டு திகதியையும் அருகருகே வைத்த வீடுகளில் கடைசி மூன்று நாள் யாரும் தூங்குவதில்லை.

பட்டியல் தயாரிப்பதிலேயே முதல் சிக்கல் வந்தது. பெண் வீட்டார் 74 குடும்பங்களின் பெயர் தந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் 53. கூட்டினால் 127. ஆனால் இரு வீட்டாரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒரே குடும்பம் இரண்டு பட்டியலிலும் இருக்கத்தானே செய்யும்? அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அது பிடிபடவில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் பிள்ளைக்குக் கடைசிப் பெயர், அதே வீட்டில் மனைவிக்குக் கணவன் பெயரோ அவளுடைய அப்பாவின் பெயரோ கடைசிப் பெயர். ஒரே வீட்டில் நாலு பேர் நாலு எழுத்தில் சிதறிக் கிடப்பார்கள். ஒரு பட்டியலில் சிவகுமார், மற்றதில் குமார் அண்ணை. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டல். இதற்குத் தொலைபேசி இலக்கந்தான் வழி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இலக்கம் போட்டு, அந்த இலக்கப்படி பட்டியலை அடுக்கியதும் ஒன்பது வீடுகள் இரட்டித்திருப்பது தெரிந்தது. மிஞ்சியது 118 வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அழைத்தவர்களைத் தனித்தனி வரியாகப் பெயருடன் எழுதினோம். மொத்தம் 402 பேர். வீட்டை எண்ணுவதும் ஆளை எண்ணுவதும் வெவ்வேறு கணக்கு. ஹோல்காரருக்கு வேண்டியது ஆள்.

கடைசி நாள் வந்தபோது 71 வீடுகள் பதில் தந்திருந்தன. அவற்றில் 221 பேர் வருகிறார்கள், 38 பேர் வரவில்லை. மீதி 47 வீடுகளிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. அந்த வீடுகளில் இருந்தது 143 பேர். மொத்த அழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

அந்த இரவு வீட்டில் இரண்டு கட்சி உருவானது. பதில் சொல்லாதவர் வரமாட்டார், விடுங்கள் என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் சொன்னார்கள். இங்கே வளர்ந்தவர்களின் வழக்கம் அப்படி. என் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. “பதில் சொல்லாததுதான் எங்கட ஆக்கள். அவையள் வருவினம்” என்றாள். பின்னால் கணக்குப் பார்த்தபோது தங்கை சொன்னதுதான் சரியாக இருந்தது. மௌனமாக இருந்த 143 பேரில் 97 பேர் வருவதாகச் சொன்னார்கள். அவர்களை விட்டிருந்தால் கிட்டத்தட்ட பத்து மேசை ஆட்கள் வாசலில் நின்றிருப்பார்கள். எல்லோரும் வருவார்கள் என்று 402 போட்டிருந்தால் எண்பது தட்டுக்கும் மேல் வீணாகக் காசு கட்டியிருப்போம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள உண்மையான எண்ணைத் தொலைபேசியில்தான் கண்டுபிடிக்க முடியும்.

அவர்கள் ஏன் பதில் சொல்லவில்லை என்பதை அழைத்துப் பேசியபோதுதான் விளங்கிக்கொண்டேன். முதலில் அழைத்த வீடு என் ஒன்றுவிட்ட அக்காவுடையது. அவருடைய குரலில் வருத்தம் இருந்தது.

“தம்பி, எங்களிட்ட வாறியளோ எண்டு கேக்கிறதே? பிள்ளையின்ர கலியாணத்துக்கு நாங்கள் வராமல் விடுவமே?”

சொந்த அக்காவுக்கு நிகரானவரிடம் வருவீர்களா என்று கேட்பது, வராமல் இருக்கவும் கூடும் என்று நினைத்ததைப் போல ஆகிவிடுகிறது. பதில் எழுதினால் அந்த நினைப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆகவே அவர் எழுதவில்லை. அது அலட்சியமல்ல, உரிமை. இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் கேள்வியை மாற்றினேன்.

“அது தெரியும் அக்கா. உங்களுக்கு எத்தினை கதிரை போடுறது எண்டு ஹோல்காரர் கேக்கினம். ஆர் ஆர் எண்டு பேர் பேராச் சொல்லுங்கோ.”

“நானும் அத்தானும். சின்னவன் வருவான். மூத்தவள் மொன்றியாலில, லீவு கிடைச்சால்தான்.”

“சின்னவன்ர மனிசி?”

“ஓ, அவளும்தானே. பிள்ளையும்.”

“பிள்ளைக்கு எத்தினை வயசு? உங்களுக்குச் சைவமோ மச்சமோ?”

மூன்று பேர் என்று தொடங்கிய வீடு ஐந்தாகி, அதற்கு மேல் ஒரு சந்தேகமும் சேர்ந்தது. பெயர் பெயராகக் கேட்காமல் “எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டிருந்தால் ‘மூண்டு’ என்ற பதிலோடு வைத்திருப்பார். ‘வாறியளோ?’ என்பது பாசத்தைக் கேட்கிற கேள்வியாகப் போய்விடுகிறது. ‘எத்தினை கதிரை?’ என்றால் வருவது தீர்மானமாகிவிட்டது, ஏற்பாடுதான் பாக்கி. வயதில் மூத்தவர்கள் இந்த இரண்டாவது கேள்விக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொன்னார்கள்.

யார் யாரை அழைப்பது என்பதும் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. 47 வீட்டையும் நான்கு பேர் பிரித்துக்கொண்டோம். மாப்பிள்ளையின் தகப்பன் வழியை அவருடைய தமையனார் எடுத்தார். தங்கையின் வேலைத்தள நண்பர்களைத் தங்கையே எடுத்தாள். இளவயதினரை மருமகள் எடுத்தாள். மிச்சம் எனக்கு. உரிமையோடு பேசக்கூடிய ஆள் அழைத்தால்தான் உண்மை வரும். மணப்பெண்ணிடம் ‘வரமாட்டோம்’ என்று யாரும் சொல்வதில்லை. வட்ஸ்அப் குழுவில் ஒரு நினைவூட்டல் போட்டும் பார்த்தோம். கட்டைவிரலும் இதயமும் நிறைய வந்தன. அவற்றில் ஒன்றைக்கூட ஆளாக எண்ண முடியவில்லை. நேரமும் முக்கியம். இங்கே பலர் இரவு வேலை, மாறும் வேலை செய்கிறார்கள். வார நாட்களில் மாலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையிலும், ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறகும் எடுத்த அழைப்புகள்தான் பலன் தந்தன.

ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் யார் பேசியது, எந்தத் திகதி, என்ன பதில் என்று எழுதினோம். ‘வருகிறார்’ என்று சுருக்காமல் அவர் சொன்ன சொல்லையே எழுதச் சொன்னேன். எங்கள் பேச்சில் ஆமாம் என்பதற்குப் பல படிகள் உண்டு. “கட்டாயம் வருவம்” என்று சொல்லிவிட்டுப் பெயர் சொல்லாதவர், வீட்டில் இன்னும் பேசவில்லை என்று பொருள். திரும்பவும் கேட்க வேண்டும். “பிள்ளையளைக் கேட்டுச் சொல்லுறன்” என்றால் தாய் தகப்பன் நிச்சயம், பிள்ளைகள் பெரும்பாலும் இல்லை. “பாப்பம்” என்றால் எங்கள் அனுபவத்தில் அநேகமாக இல்லை. முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாத சொல் அது. “உடம்பு சுகமா இருந்தால்” என்கிற முதியவர் உண்மையாகவே வர விரும்புகிறார். ஆனால் அன்று காலைதான் அவருக்கே தெரியும். அவரை வேறு நிறத்தில் குறித்து வைத்தோம்.

முதல் சுற்றில் 31 வீடுகள் தீர்ந்தன. 78 பேர் வருகிறார்கள், 21 பேர் இல்லை. ஐந்து நாள் விட்டு இரண்டாம் சுற்று. இன்னும் 11 வீடு. அதில் 19 பேர் ஆம், 15 பேர் இல்லை. இரண்டாம் சுற்றில் மறுப்பு கூடுவதைக் கவனியுங்கள். இழுத்துக்கொண்டு போகிறவர்களில் பலர் சொல்லத் தயங்கிய மறுப்பை வைத்திருப்பவர்கள். அவர்களிடம், “ஏலாட்டிப் பரவாயில்லை அண்ணை, ஒண்டும் நினைக்கமாட்டம், பிறகு வீட்டை வந்து பிள்ளையளைப் பாருங்கோ” என்று நாங்களே கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அப்படிச் சொன்னதும் இரண்டு பேர் மூச்சுவிடுவது தொலைபேசியிலேயே கேட்டது.

மிஞ்சியவை ஐந்து வீடு, பத்துப் பேர். அவர்களில் ஆறு பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வர வீசாவுக்குக் காத்திருந்தார்கள். வீசா முத்திரை விழும்வரை அவர்களை ஆம் என்ற பத்தியில் சேர்க்கவில்லை. மற்ற இரண்டு வீட்டிலிருந்து கடைசிவரை பதிலே வரவில்லை. அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினோம். “புதன்கிழமை காலை ஹோலுக்கு எண்ணிக்கை கொடுக்கிறோம். அதற்குள் தெரிந்தால் உங்களுக்கான மேசையைச் சரியாக வைக்கலாம்.” மிரட்டலாக ஒரு சொல்லும் இல்லை, நாள் மட்டும் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு அழைப்பதை நிறுத்திக்கொண்டோம்.

செவ்வாய் இரவு பட்டியலைக் கூட்டினோம். 221, 78, 19. மொத்தம் 318 பேர். இந்த எண்ணை அப்படியே ஹோலுக்குச் சொல்ல முடியாது. இதில் ஒன்பது பேர் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள். அவர்களுக்குத் தட்டு இல்லை, உயரக் கதிரை மட்டும் போதும். 27 பேர் சிறுவர்கள், அவர்களுக்கு விலை குறைந்த தனிச் சாப்பாடு. பெரியவர்கள் 282. அப்போதுதான் மருமகள் திடுக்கிட்டுக் கேட்டாள், “மாமா, நாங்கள் எங்க?” மணமகனும் மணமகளும் பட்டியலில் இல்லை. யாருக்கும் அழைப்பிதழ் கொடுக்காததால் நான்கு பெற்றோரும், மாப்பிள்ளையின் தம்பியும், எங்கள் அம்மாவும்கூட இல்லை. எட்டுப் பேர். இந்தப் பிழை மிகவும் சாதாரணமாக நடப்பது என்று பிறகு மண்டப முகாமையாளர் சொன்னார். அவர்களைச் சேர்த்தால் பெரியவர்கள் 290, சிறுவர்களுடன் கதிரை 317. இவர்களுக்கு வெளியே, புகைப்படக்காரர், வீடியோக்காரர், டிஜே என்று ஆறு பேருக்கு வேலையாட்கள் சாப்பாடு. அதைத் தனி வரியில் கேட்டால் பல மண்டபங்கள் குறைந்த விலையில் தருகின்றன.

சைவக் கணக்கை நான் இரண்டு முறை எடுத்தேன். பதில் படிவங்களின்படி 59 பேர் சைவம். ஆனால் விருந்து நாள் நல்லூர்த் திருவிழாக் காலத்துக்குள் விழுந்தது. அந்த 25 நாளும் மச்சம் தொடாத யாழ்ப்பாணக் குடும்பங்கள் கடல் கடந்தும் நிறைய உண்டு. ஒரு மாதம் முன்பு படிவம் நிரப்பியபோது யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. அழைப்புகளில் திரும்பக் கேட்டதும் 84 ஆனது. கேட்காமல் விட்டிருந்தால் 25 பேர் முன்னால் கோழி வைக்கப்பட்டிருக்கும். தட்டைத் திருப்பி அனுப்பினால் சைவத் தட்டும் தீர்ந்திருக்கும்.

‘உடம்பு சுகமா இருந்தால்’ என்ற நிறத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களைக் கழித்து, புதன்கிழமை 310 என்று எழுதிக் கொடுத்தோம். 283 பெரியவர், 27 சிறுவர், வேலையாட்கள் 6, உயரக் கதிரை 9. தங்கைக்கு மனம் ஒப்பவில்லை. வயதானவர்களைக் கழிப்பது அவளுக்கு அபசகுனமாகப் பட்டது. மூன்று நாள் முன்வரை கூட்டலாம் என்ற வரியைக் காட்டிய பிறகே சம்மதித்தாள். அதன்படி அடுத்த புதன்கிழமை அந்த ஏழு வீட்டையும் மீண்டும் அழைத்தோம். நான்கு பேர் வருவது உறுதியானது. வீசாவுக்குக் காத்திருந்த ஆறு பேரில் இரண்டு பேருக்குக் கிடைத்தது, நான்கு பேருக்கு மறுக்கப்பட்டது. 310 என்பது 316 ஆனது. அதுதான் இறுதி எண்.

பத்துப் பத்துப் பேராக 33 மேசை. எல்லா மேசையையும் பத்தாக நிரப்பவில்லை. வாசலுக்கு அருகிலிருந்த மூன்று மேசையில் நான்கைந்து கதிரைகளைப் பெயரில்லாமல் விட்டிருந்தோம். சொல்லாமல் வருகிறவர்கள் எப்படியும் இருப்பார்கள். அவர்கள் ஹோலின் நடுவில் நின்று இடம் தேடக்கூடாது என்பதற்காக.

சனிக்கிழமை மாலை வாசலில் மருமகன் ஒருவன் பட்டியலோடு நின்று வந்தவர்களுக்குக் கோடு போட்டான். பதிலே தராத இரண்டு வீட்டில் ஒன்று வந்தது, கணவனும் மனைவியும். மொன்றியால் மூத்தவளுக்கு லீவு கிடைத்திருந்தது, அவளும் கணவனும் வந்தார்கள். ஒரு வீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டி வந்தார்கள். ஐந்து பேரும் வாசல் மேசைகளில் அமர்ந்தார்கள். வருவதாகச் சொன்னவர்களில் 11 பேர் வரவில்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வேலை மாறியது, மற்றவர்களை நாங்கள் கேட்கவில்லை.

பிரதான சாப்பாடு வைத்து முடிந்ததும், ஒன்பது மணியளவில், பரிமாறுபவர்களின் தலைவர் ஆட்களை எண்ணத் தொடங்கினார். நானும் கூடவே நடந்தேன். கூட்டம் குறித்த எண்ணைத் தாண்டினால் மேலதிகத் தட்டுக்குக் காசு கேட்பார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து எண்ணியிருந்தால் மறுநாள் வாக்குவாதம் வராது. நடனம் தொடங்கும் முன் எண்ணிவிட வேண்டும், பிறகு யாரும் கதிரையில் இருக்கமாட்டார்கள். மேசை மேசையாகப் போனோம். அம்மாவின் மேசைக்கு வந்தபோது என்னையும் சேர்த்து எண்ணட்டுமா என்று அவர் கேட்டார். என் கதிரை அங்கேதான் இருந்தது, எண்ணச் சொன்னேன். 310 வந்தது. பில் 316க்கு. தட்டு 95 டொலர். ஆறு தட்டும் 13 சதவீத வரியும் சேர்த்து 644 டொலர், ஆட்கள் வராத கதிரைகளுக்குக் கட்டியது. அந்த ஆறு பேருக்கான சாப்பாட்டைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லி, இரவு வேலைக்குப் போகவிருந்த இரண்டு தம்பிமாரிடம் தங்கை கொடுத்தனுப்பினாள்.